பனோரமா படத்தில் வளைந்து தெரியும் கடை போர்டை மாற்றுவது எப்படி?

கடையின் பெயர் மாறியிருக்கும், இல்லாவிட்டால் போர்டில் இருக்கும் போன் நம்பராவது மாறியிருக்கும். கடையின் இணையதளத்தில் இருக்கும் அகலமான பனோரமா படத்தில் மட்டும் பழைய போர்டே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு போர்டை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பார்கள். சாதாரணப் படமாக இருந்தால் சின்ன வேலைதான். பனோரமாவில், அதுவும் போர்டு படத்தின் ஓரத்தில் இருந்தால், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இதுதான்: புதுப் பெயரைத் தட்டச்சு செய்து, பழைய போர்டின் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி எழுத்தை வில்லாக வளைத்து ஒட்டுவார்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ஆனாலும் பார்த்தவுடன் ஏதோ ஒட்டவைத்தது என்று தெரிந்துவிடும். காரணம் எழுத்துகளின் அகலத்தில் இருக்கிறது. அதனால் புது எழுத்தை வளைக்க வேண்டாம். படத்தின் அந்தப் பகுதியை நேராக்குங்கள், நேரான படத்தில் போர்டை மாற்றுங்கள், அப்புறம் அந்தப் பகுதியைப் பழையபடி வளைத்து அதே இடத்தில் வையுங்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வழியைத்தான் விரிவாகச் சொல்கிறது.

ஏன் வளைகிறது?

போனில் பக்கவாட்டாகத் திருப்பி எடுக்கும் பனோரமா அநேகமாக உருளை வகைப் படம். எடுப்பவரைச் சுற்றி வட்டமான ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே தெரிவதெல்லாம் அந்தச் சுவரின் உட்புறத்தில் பதிகிறது. பிறகு அந்தச் சுவரைத் தட்டையாக விரித்தால் நம் படம். 1787இல் எடின்பரோவில் ராபர்ட் பார்க்கர் காப்புரிமை வாங்கிய பனோரமா ஓவியமும் இதே அமைப்புதான். பார்ப்பவர் நடுவில் நிற்க, சுற்றிலும் வட்டமாக ஓவியம் இருக்கும்.

இப்படி விரிக்கும்போது செங்குத்துக் கோடுகள் நேராகவே இருக்கும். மின்கம்பம், கதவு நிலை எல்லாம் நிமிர்ந்து நிற்கும். கிடைமட்டக் கோடுகள்தான் வளையும். கேமராவின் கண்மட்டத்தில் இருக்கும் கோடு மட்டும் வளையாது. அதற்கு மேலே உள்ளவை நடுவில் உயர்ந்து ஓரங்களில் இறங்கும். கீழே உள்ளவை நடுவில் தாழ்ந்து ஓரங்களில் ஏறும். கண்மட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு வளைவு.

ஓர் உதாரணத்தை எண்களோடு பார்ப்போம். ஒரு ஜவுளிக்கடைத் தெரு. வரிசைக் கடைகளுக்கு எதிரே, சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம். அகலம் 12000 பிக்சல், உயரம் 3600 பிக்சல், காட்டும் கோணம் 180 டிகிரி. மாற்ற வேண்டிய போர்டு இடது பக்கம், நடுவிலிருந்து 30 டிகிரியில் தொடங்கி 60 டிகிரி வரை நீள்கிறது. கணக்குப் போட்டால் அதன் நிஜ நீளம் சுமார் 9.24 மீட்டர். உயரம் 1 மீட்டர். அதன் கீழ் விளிம்பு கேமராவின் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது.

படத்தில் இந்த போர்டு 2000ஆவது பிக்சலிலிருந்து 4000ஆவது பிக்சல் வரை வருகிறது. வலது முனையில் அதன் உயரம் சுமார் 413 பிக்சல், இடது முனையில் 239 பிக்சல்தான். மேல் விளிம்பின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்தால், நடுவில் நிஜ விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே 34 பிக்சல் அளவுக்கு உப்பி நிற்கும். கீழ் விளிம்பு 23 பிக்சல் உப்பும். இரண்டு விளிம்பும் ஒரே அளவு வளையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முக்கியமானது அடுத்ததுதான். போர்டின் சரிபாதி எங்கே விழுகிறது? 3000ஆவது பிக்சலில் என்றுதான் கண் சொல்லும். ஆனால் உண்மையில் அது 2726இல் விழுகிறது. அதாவது தூரத்தில் இருக்கும் இடது பாதிக்கு 726 பிக்சல், பக்கத்தில் இருக்கும் வலது பாதிக்கு 1274 பிக்சல். எழுத்தை வில்லாக மட்டும் வளைத்தால் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்கும். நிஜ போர்டிலோ இடது பக்கம் போகப் போக எழுத்துகள் நெருங்கி ஒடுங்கும். ஒட்டவைத்த போர்டு காட்டிக்கொடுப்பது இங்கேதான்.

தேவையானவை

ஹக்கின், கிம்ப் இரண்டும் இலவசம். கிம்ப் என்பது படங்களைத் திருத்தும் மென்பொருள். ஹக்கின் என்பது பனோரமா ஒட்டும் மென்பொருள். ஹெல்முட் டெர்ஷ் எழுதிய பனோரமா டூல்ஸை அடித்தளமாகக் கொண்டது. அதை நிறுவும்போது கூடவே `nona` என்ற சின்னக் கட்டளைக் கருவியும் வரும். விண்டோஸில் அது ஹக்கின் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் `bin` என்ற இடத்தில் இருக்கும். டெபியன், உபுண்டுவில் `hugin-tools` தொகுப்பில் வருகிறது. ஹக்கினின் பெரிய திரையைத் திறக்காமலே, இரண்டு வரிக் கோப்பு ஒன்றை எழுதி இந்தக் கருவியிடம் கொடுத்தால் போதும். திரையில் பத்து இடத்தில் எண்களை மாற்றுவதைவிட இது சுலபம்; தவறு நேர்ந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

கோணத்தைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையின் உயிர்நாடி, படம் மொத்தம் எத்தனை டிகிரியைக் காட்டுகிறது என்ற எண். அது தப்பினால் எதுவும் நேராகாது. நேரான தெருவாக இருந்தால் இதைப் படத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். எதிர்ச் சுவரில் உள்ள கிடைமட்டக் கோடுகள், அதாவது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, போர்டுகளின் விளிம்பு எல்லாம் இடது பக்கம் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும், வலது பக்கமும் அப்படியே. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே எப்போதும் 180 டிகிரி. நம் உதாரணத்தில் அவை படத்தின் இரு ஓரங்களிலும் சரியாக விழுகின்றன, அதனால் 12000 பிக்சலுக்கு 180 டிகிரி. வேறொரு படத்தில் அந்தப் புள்ளிகள் 9600 பிக்சல் இடைவெளியில் விழுந்து, படத்தின் அகலம் 12000ஆக இருந்தால், மொத்தக் கோணம் 12000 × 180 ÷ 9600, அதாவது 225 டிகிரி.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வளையாமல் நேராகப் போகும் கண்மட்டக் கோடு படத்தின் உயரத்தில் சரிபாதியில் இருக்கிறதா? யாராவது மேலேயோ கீழேயோ படத்தை வெட்டியிருந்தால் அது நகர்ந்திருக்கும். உதாரணமாக, மேலே மட்டும் 400 பிக்சல் வெட்டுப்பட்டிருந்தால், கிம்ப்பில் `Image > Canvas Size` போய் மேலே 400 பிக்சல் வெற்றிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதை மறுபடி வெட்டிவிடலாம். இடது, வலது ஓரங்களில் வெட்டியிருந்தால் கவலையில்லை. கோணத்தை அதே விகிதத்தில் குறைத்தால் சரியாகிவிடும்.

நேராக்குவது

போர்டின் நடுப்பகுதி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நம் படத்தில் 3000ஆவது பிக்சல், அதாவது நடுவிலிருந்து இடது பக்கம் 45 டிகிரி. போர்டு 30 டிகிரி அகலம்; இரு பக்கமும் 5 டிகிரி கூடுதலாக விட்டு 40 டிகிரிப் பகுதியை நேராக்குவோம். `flat.pto` என்ற பெயரில் ஒரு வெற்று உரைக்கோப்பைத் திறந்து இதை எழுதுங்கள்:

```
p f0 w2800 h3840 v40 n"TIFF_m c:LZW"
i w12000 h3600 f1 v180 r0 p0 y45 n"pano.jpg"
```

`p` வரி நமக்கு வேண்டிய படம். `f0` என்றால் நேர்கோடு நேராகவே விழும் வகை. `w`, `h` அகலமும் உயரமும், `v` எத்தனை டிகிரி அகலம் என்பது. `i` வரி கையில் இருக்கும் படம். அங்கே `f1` என்றால் உருளை வகை. `y45` படத்தை வலது பக்கம் 45 டிகிரி திருப்புகிறது. இடது பக்கம் இருந்த போர்டு அதனால் நடுவுக்கு வந்துவிடும். போர்டு வலது பக்கம் இருந்தால் கழித்தல் குறி போட்டு `y-45` என்று எழுத வேண்டும்.

2800 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மூலப் படத்தில் ஒரு டிகிரிக்கு சுமார் 67 பிக்சல் இருக்கிறது. அந்த நுணுக்கம் குறையாமல் 40 டிகிரியை நேராக்க ஏறக்குறைய 2780 பிக்சல் வேண்டும். முழு எண்ணாக 2800 வைத்திருக்கிறேன். உயரம் 3840 வைத்தால் மூலப் படத்தின் கிட்டத்தட்ட முழு உயரமும் உள்ளே வந்துவிடும். எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தால் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்குங்கள்; `v` மாறக் கூடாது. கோணத்தை அவசியமில்லாமல் பெரிதாக வைக்காதீர்கள். 90 டிகிரியைத் தாண்டினால் ஓரங்கள் தாறுமாறாக இழுபடும்.

கோப்பு இருக்கும் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
nona -m TIFF_m -o flat_ flat.pto
```

`flat_0000.tif` என்ற படம் வரும். அதைக் கிம்ப்பில் திறந்து, மேலே புதிதாக ஒரு லேயர் சேர்த்து, பென்சிலால் போர்டின் மேல் விளிம்பில் ஒரு முனையைச் சொடுக்கி, `Shift` விசையை அழுத்தியபடி மறுமுனையைச் சொடுக்குங்கள். நேர்கோடு விழும். போர்டின் விளிம்பு அந்தக் கோட்டோடு ஒட்டியே போனால் கோணம் சரி. விளிம்பு இன்னும் பழைய பக்கமே உப்பி நின்றால் நீங்கள் கொடுத்த 180 குறைவு என்று அர்த்தம், கொஞ்சம் கூட்டுங்கள். எதிர்ப்பக்கம் குழிந்தால் அதிகம், குறையுங்கள். தெருவின் குவியும் புள்ளிகள் தெரியாத படத்திலும் இப்படிக் கூட்டிக் குறைத்தே சரியான எண்ணைப் பிடித்துவிடலாம்.

இந்தப் படத்தில் போர்டு செவ்வகமாக இருக்காது. வலது முனையில் 430 பிக்சல், இடது முனையில் 250 பிக்சல் உயரம் என்று சாய்ந்துதான் தெரியும். அது தவறில்லை. பக்கவாட்டில் பார்க்கும் சுவர் அப்படித்தான் தெரியும். வளைவு வேறு, சாய்வு வேறு. வளைவு போய்விட்டதால் இப்போது போர்டுக்கு நான்கு நேரான பக்கங்கள் இருக்கின்றன, அதனால் நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்தாலே மிச்சத்தைச் சரிசெய்துவிடலாம்.

புது போர்டை வைப்பது

புது போர்டை நேருக்கு நேர் பார்க்கும் செவ்வகமாகத் தனியாக வடிவமைத்துக்கொள்ளுங்கள். நீள உயர விகிதம் நிஜ போர்டின் விகிதமாகவே இருக்க வேண்டும். நம் போர்டு 9.24க்கு 1 என்பதால் 4000க்கு 433 பிக்சல் சரியாக வரும். கடைக்காரரிடம் போர்டின் அளவைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஃப்ளெக்ஸ் அடித்தவரிடம் எத்தனைக்கு எத்தனை அடி என்ற கணக்கு கட்டாயம் இருக்கும். இந்த விகிதம் தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து நசுங்கினாற்போலத் தெரியும்.

அதை `flat_0000.tif` மேல் ஒரு லேயராக வைத்து, `Tools > Transform Tools > Perspective` எடுத்து நான்கு மூலைகளையும் பழைய போர்டின் மூலைகளில் பொருத்துங்கள். பழைய போர்டின் மூலை மங்கலாக இருந்தால், மேல் விளிம்பையும் பக்க விளிம்பையும் பென்சில் கோட்டால் நீட்டி, அவை வெட்டும் இடத்தை மூலையாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் இடது பக்கம் ஒடுங்குவதை இந்தக் கருவியே சரியான கணக்கில் செய்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். தெருவில் தொங்கும் எந்த போர்டும் முழுக்க ஒரே நிறமாக இருக்காது. சன்ஷேடின் நிழல் மேல் விளிம்பில் விழுந்திருக்கும், ஒரு முனை வெயிலில் வெளுத்திருக்கும். புது லேயரின் மேல் இன்னொரு லேயர் போட்டு, அதன் முறையை `Multiply` என்று வைத்து, மங்கலான சாம்பல் நிறத்தில் மென்மையான தூரிகையால் அந்த நிழலைப் பழைய போர்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரையுங்கள். புது வடிவமைப்பின் வெள்ளை சுத்த வெள்ளையாக இருந்தால், பக்கத்துக் கடை போர்டின் வெள்ளையோடு ஒப்பிட்டு அதைக் குறையுங்கள். படத்தில் எதுவும் கம்ப்யூட்டரில் வரைந்த அளவுக்குக் கூர்மையாக இருக்காது. புது லேயருக்கு மட்டும் ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவில் `Gaussian Blur` கொடுங்கள்.

போர்டுக்கு முன்னால் போகும் கேபிள் வயர்களை மறந்துவிடாதீர்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் வயர் குறுக்கே போகாத போர்டைப் பார்ப்பது அபூர்வம். புது போர்டு வயரை மறைத்துவிட்டால், போர்டின் இரு பக்கமும் வந்து நின்ற வயர் நடுவில் காணாமல் போயிருக்கும். புது லேயருக்கு ஒரு முகமூடி, அதாவது `Layer > Mask > Add Layer Mask` சேர்த்து, வயர் போகும் பாதையில் மெல்லிய கறுப்புத் தூரிகையால் தீட்டினால் பழைய வயர் அடியிலிருந்து தெரியும். பழைய எழுத்தின் நிறமும் வயரோரம் எட்டிப்பார்த்தால், அந்த வயரை மட்டும் தனி லேயரில் புதிதாக வரைவது நல்லது. நேராக்கிய படத்தில் இந்த வயர் வேலையும் சுலபம், விறைப்பாகக் கட்டிய வயர் இங்கே நேர்கோடாகவே போகும்.

எல்லாம் முடிந்ததும் `flat_new.tif` என்று ஏற்றுமதி செய்யுங்கள். படத்தை வெட்டவோ அளவு மாற்றவோ கூடாது. 2800க்கு 3840 அப்படியே இருந்தால்தான் திரும்ப அதே இடத்தில் போய் உட்காரும்.

திரும்ப வளைப்பது

இப்போது எண்களைத் தலைகீழாக்கி `back.pto` எழுதுங்கள்:

```
p f1 w12000 h3600 v180 n"TIFF_m c:LZW"
i w2800 h3840 f0 v40 r0 p0 y-45 n"flat_new.tif"
```

கேட்பது உருளைப் படம், கொடுப்பது நேரான துண்டு, திருப்புவது எதிர்ப்பக்கம். மேலே பக்கவாட்டுத் திருப்பம் `y` மட்டும் கொடுத்து, அண்ணாந்து பார்க்கும் `p`ஐயும் சாய்வான `r`ஐயும் பூஜ்ஜியமாக விட்டதற்குக் காரணம் இதுதான். ஒரே ஒரு திருப்பம் இருந்தால் குறியை மாற்றினாலே திரும்பிவிடும். மூன்றும் கலந்துவிட்டால் மூன்றின் குறியை மாற்றினாலும் படம் பழைய இடத்துக்கு வராது.

`nona -m TIFF_m -o back_ back.pto` என்று கொடுத்தால் 12000க்கு 3600 அளவில், துண்டு மட்டும் அதன் இடத்தில் இருக்க மிச்சமெல்லாம் வெற்றாக ஒரு படம் கிடைக்கும். மூலப் பனோரமாவைக் கிம்ப்பில் திறந்து, `File > Open as Layers` வழியாக இதை அதன் மேல் கொண்டுவாருங்கள்.

லேயரின் முறையை `Difference` என்று மாற்றிப் பாருங்கள். போர்டு இருக்கும் இடம் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்க வேண்டும். கட்டட விளிம்புகளில் மெல்லிய கோடுகள் தெரிவது சகஜம். இரண்டு முறை மாற்றியதில் வரும் சிறு மங்கல் அது. ஆனால் கோடுகள் தடித்து இரட்டையாகத் தெரிந்தால் இரண்டு கோப்புகளிலும் உள்ள ஏதோ ஓர் எண் பொருந்தவில்லை. `v` அல்லது `y`ஐப் பாருங்கள். துண்டு முழுக்க ஒரே சீராகச் சாம்பல் படர்ந்திருந்தால் வண்ண விவரம் வழியில் மாறிவிட்டது. படத்தைத் திறக்கும்போது அதோடு இணைந்த வண்ண விவரத்தை மாற்றவா என்று கிம்ப் கேட்டால் `Keep` கொடுங்கள்.

சரியாக இருந்தால் முறையை மறுபடி `Normal` ஆக்கி, லேயருக்குக் கறுப்பு முகமூடி போட்டு, போர்டு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தீட்டுங்கள். இதனால் போர்டுக்கு வெளியே ஒரு பிக்சல்கூட மாறாது, மூலப் படத்தின் கூர்மையும் அப்படியே இருக்கும்.

எங்கே இது உதவாது

போன் பனோரமாவை நடந்தபடியோ கையை நீட்டிச் சுழற்றியோ எடுத்திருந்தால், போர்டின் நடுவிலேயே ஒட்டுத் தவறி ஓர் உடைப்பு இருக்கலாம். கை மேலும் கீழும் ஆடியிருந்தால் அலை அலையாக நெளிவும் இருக்கும். எந்தக் கோணம் கொடுத்தாலும் விளிம்பு ஓரிடத்தில் உப்பி, இன்னோரிடத்தில் குழிந்து தெரிந்தால் இதுதான் காரணம். அப்போது முடிந்த மட்டும் நேராக்கி, புது போர்டைப் பொருத்திய பிறகு மிச்ச நெளிவை `Warp Transform` கருவியால், பெரிய தூரிகை, குறைந்த `Strength` வைத்து, பழைய விளிம்பின் மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சின்ன தூரிகை வைத்தால் எழுத்து நடுங்கும்.

சுற்றிலும் 360 டிகிரி காட்டும், அகலம் உயரத்தைப் போல இரு மடங்கு இருக்கும் படமாக இருந்தால் இதே வழிதான், மூன்று மாற்றங்களோடு. நேராக்கும்போது `i` வரியில் `f4`, திரும்ப வளைக்கும்போது `p` வரியில் `f2`, இரண்டு இடத்திலும் `v360`. ஒரே வகைப் படத்துக்கு இரண்டு வரியிலும் வேறு வேறு எண் என்பதைக் கவனமாகப் பாருங்கள். அந்தப் படங்களைச் சுற்றிப் பார்க்கும் படமாகக் காட்டச் சொல்லும் குறிப்பு கோப்புக்குள் இருக்கும். கிம்ப்பிலிருந்து வரும் புதுக் கோப்பில் அது விடுபட்டால் வெறும் தட்டைப் படமாகத்தான் திறக்கும். எக்ஸிஃப்டூலை வைத்துப் பழைய கோப்பிலிருந்து அதை எடுத்துப் போட்டுவிடுங்கள்:

```
exiftool -tagsfromfile old.jpg -xmp:all new.jpg
```